500 யூனிட் தாண்டினால் மொத்தத்துக்கும் 8 ரூபாயா?

"500 யூனிட்டைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் 8 ரூபாய் போட்டுவிடுகிறார்கள்."

இப்படிக் கோபமாக எழுதியவருக்கு: அப்படி இல்லை. தமிழ்நாட்டின் 2022 செப்டம்பர் வீட்டு மின் கட்டணத்தில் கணக்குப் போடுகிறேன். பிறகு விலை ஏறினாலும் கணக்கு முறை இதுதான்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட் 2.25 வீதம் 225, அடுத்த 200 யூனிட் 4.50 வீதம் 900, கடைசி 100 யூனிட் 6 வீதம் 600. மொத்தம் 1,725 ரூபாய்.

510 ஆனால், 8 ரூபாய் விலை அந்தக் கடைசி 10 யூனிட்டுக்கு மட்டுமே, அதாவது 80 ரூபாய். ஆனால் 101 முதல் 200 வரை இருந்த 2.25 சலுகை போய், அதற்கும் 4.50 ஆகிவிடும். அதில் இன்னொரு 225. ஆக பில் 2,030. வெறும் 10 யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்! உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, காரணம்தான் வேறு.

பில் இரண்டரை மடங்காகிவிட்டது, மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று எழுதிய அண்ணாவுக்கு: 400 யூனிட்டுக்கு 1,125, 600 யூனிட்டுக்கு 2,750. பில் ஏறக்குறைய இரண்டரை மடங்கானதை மட்டும் வைத்து மீட்டரைச் சந்தேகிக்க முடியாது. முதலில் அட்டையில் யூனிட்டையும், ரீடிங் எடுத்த தேதிகளையும் பாருங்கள்.