ஃப்ரிட்ஜை மறந்த ஆளும் இரண்டு பர்கர் கடைகளும்

வெண்டீஸ் என்ற அமெரிக்க பர்கர் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. 2017 ஜனவரி. எங்கள் மாட்டிறைச்சி உறைய வைக்காதது என்று அவர்கள் பெருமையடிக்க, ஒருவர் நம்பவில்லை. அப்போ பச்சைக் கறியைச் சூடான லாரியிலா கொண்டுவருகிறீர்கள் என்று மடக்கினார். 'உறையாத, ஆனால் குளிர்ச்சியாக இருக்கவேண்டிய பொருளை நீங்கள் எங்கே வைப்பீர்கள்?' என்று கேட்டது வெண்டீஸ். மனுஷன் பேச்சை மாற்றி, காலைச் சாப்பாட்டில் மெக்டொனால்ட்ஸ் உங்களைத் தோற்கடித்துவிட்டது என்றார். ஃப்ரிட்ஜ் என்று ஒன்று இருப்பதை நீங்கள் ஒரு நொடி மறந்ததற்கு அவர்களை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள் என்று வந்தது பதில். ஊரே சிரித்தது.

அந்த மார்ச்சில், அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் எங்கள் பெரும்பாலான கடைகளில் குவார்ட்டர் பவுண்டர் பர்கருக்கு உறையாத கறிதான் என்று மெக்டொனால்ட்ஸ் அறிவித்தது. அப்போ உங்கள் மற்ற பர்கர்களில் பெரும்பாலானவை இன்னும் உறைந்த கறிதானே என்று வெண்டீஸ் சீண்டியது. இந்தக் கேலி எடுபட்டதற்குக் காரணம் அட்மினின் வாய்த்துடுக்கு மட்டும் இல்லை. கறியில் நிஜமாகவே ஒரு வித்தியாசம் இருந்தது. அடி வாங்கியது தன்னைவிடப் பல மடங்கு பெரிய கம்பெனி.

நாம் ஏன் இதை ரசிக்கிறோம்? தஞ்சாவூர்ப் பக்கம் லாவணி கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. விடிய விடிய ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வார்கள். விடிந்ததும் சேர்ந்து டீ குடிப்பார்கள் என்பது கேட்பவர்களுக்கும் தெரியும். யாருக்கும் காயம் படாது என்ற நிம்மதியில்தான் அந்தச் சண்டை இனிக்கிறது. பர்கர் சண்டையும் அப்படித்தான். காசு செலவில்லாமல் ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ளலாம், நாளைக்கே எதிர்க்கட்சிக் கடையில் போய்ச் சாப்பிடலாம்.

வினை வருவது, வேடிக்கை பார்ப்பவர்களில் ஒரு சாரார் மேடைக்கு இழுக்கப்படும்போது. 2021 மார்ச் 8, மகளிர் தினம். பர்கர் கிங்கின் பிரிட்டன் கணக்கு, 'பெண்களின் இடம் சமையலறை' என்று ஒரு ட்வீட் போட்டது. அடுத்தடுத்த ட்வீட்களில்தான் விஷயம் இருந்தது: அந்நாட்டுத் தொழில்முறை சமையல் கலைஞர்களில் 20 சதவீதம் பேர்தான் பெண்கள், அதை மாற்ற நாங்கள் உதவித்தொகை தருகிறோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் ட்விட்டரில் முதல் வரியை மட்டும் தனியாக எடுத்துப் பகிரலாம். அதுதான் நடந்தது. இதே வாசகம் அமெரிக்காவில் செய்தித்தாள் விளம்பரமாகவும் வந்தது. அங்கே தலைப்புக்குக் கீழேயே விளக்கமும் ஒரே பக்கத்தில் இருந்தது. ட்விட்டரில் பக்கம் என்று ஒன்று ஏது?

இதில் நான் கவனித்தது போட்டிக்காரரின் பதிலைத்தான். கேஎஃப்சியின் கேமிங் கணக்கு, இதை நீக்கச் சிறந்த நேரம் போட்ட உடனே, அடுத்த சிறந்த நேரம் இப்போது என்று எழுதியது. வேறொரு நாளாக இருந்தால் இது இன்னொரு விளையாட்டுக் குத்து. அன்றைக்கு அது நிஜக் குத்தாக விழுந்தது. நல்ல விஷயத்துக்குக் கவனம் சேர்க்கும் ட்வீட்டை ஏன் நீக்கவேண்டும் என்று பர்கர் கிங் முதலில் மல்லுக்கட்டியது. அன்றே மன்னிப்புக் கேட்டு நீக்கியும்விட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடையின் சமூக ஊடகப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன். எதிர்க்கடை அட்மின் என் நண்பன். 'மதியம் மூணு மணிக்கு நீ என் தள்ளுபடியைக் கிண்டல் பண்ணு, நான் உன் பார்க்கிங்கைப் பிடிச்சுக்கறேன்' என்று போனில் பேசி வைத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் லைக் பிய்த்துக்கொண்டு போகும்.

அப்படி ஒரு பதிவின் கீழே, சிரிப்பு எமோஜிகளுக்கு நடுவே ஒரு அம்மா கமென்ட் போட்டிருந்தார். சாயம் போன சேலையைத் திருப்பிக் கொடுத்து இருபது நாள் ஆகிறது, பணம் வரவில்லை, போனை யாரும் எடுப்பதில்லை. முதலாளியிடம் காட்டினேன். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, 'அதுக்கும் எதாச்சும் காமெடியா ஒரு பதில் போட்டுவிடு தம்பி' என்றார்.

நான் எதுவும் போடவில்லை. மாலைக்குள் அந்தக் கமென்ட்டுக்கு முந்நூறு லைக். எங்கள் பதிவுக்கு விழுந்ததைவிட அதிகம். அதில் ஒன்று என் நண்பன் போட்டது, எதிர்க்கடைக் கணக்கிலிருந்து.