பாதி சுருள்வில், பாதி காலம் அல்ல

“சுருள்வில்லைப் பாதியாக வெட்டினால் அலைவுக் காலமும் பாதியாகும். 0.63 வினாடி 0.31 ஆகிவிடும்.”

நிறை மாட்டிய சுருள்வில்லைப் பாதியாக வெட்டினால் அலைவுக் காலம் என்ன என்று கேட்டு, பல விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாவுக்கு இங்கே ஒருவர் எழுதியது இது. இல்லை, ஐயா. வெட்டிய துண்டு இரு மடங்கு விறைப்பாகும் என்பதுவரை சரி. ஆனால் அலைவுக் காலம் T = 2π√(m/k) என்பதில் விறைப்பைக் குறிக்கும் k வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது; m என்பது நிறை. நிறை 0.5 கிலோ, k = 50 N/m என்றால் T = 0.63 வினாடி. வெட்டியபின் k = 100; விடை 0.44, அதாவது முன்னதைப் போல் 1/√2 ≈ 0.71 மடங்கு. வெட்டினால் k பாதியாகும் என்று நினைப்பவருக்கு 0.89 வரும். அதுவும் விடைகளில் இருக்கிறது. வினா அமைத்தவர் பொல்லாதவர்!

ஊசல் நீளத்தைப் பாதியாக்கினாலும் இதே 0.71 மடங்குதான் என்று மேலே எழுதிய அக்கா சொல்வது உண்மை. ஆனால் “இரண்டும் ஒன்றே” என்ற அவரது முடிவு தவறு. கடலோர டர்பனிலிருந்து, சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்குக்குக் கொண்டுபோனால் புவியீர்ப்பு முடுக்கமான g சற்றே குறையும், ஊசலின் காலம் துளி கூடும். சுருள்வில்லின் காலத்தில் g-க்கு இடமே இல்லை.

வீட்டில் அளந்து 0.46 கண்ட டர்பன் தம்பிக்கு: துண்டின் சொந்த நிறையில் மூன்றில் ஒரு பங்கையும் m உடன் சேர்க்க வேண்டும். துண்டை எடை போட்டுப் பார்த்தீர்களா? கடிகாரத்தை அழுத்துவதில் வந்த பிழையாகவும் இருக்கலாம்.