கூட்டத்துக்கு எந்தத் தமிழ்?

"கல்லூரி விழாவுக்கு எழுதின உரையையே ஊர்க் கூட்டத்துலயும் வாசிக்கலாமா?"

வேண்டாம், அதே எழுத்து நடையில எழுதிக் கொடுத்துப் பட்டிருக்கேன். கிருஷ்ணகிரி பக்கம் மா விவசாயிகள் கூட்டத்துக்கு "பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த மருந்து தெளிக்கப்பட வேண்டும்"னு எழுதிக் கொடுத்தேன். படிச்சவர் 'தெளிக்கப்பட'ல தடுக்கினார், கூட்டம் டீ கேன் பக்கம் திரும்பிடுச்சு. யார் தெளிக்கணும்னே அந்த வரியில இல்லையே!

அடுத்த தடவை ரெண்டா உடைச்சேன்: "மா பூக்குறப்ப தத்துப்பூச்சி வரும். பாத்ததும் மருந்து அடிங்க." தலையாட்டினாங்க.

வணக்கமும் நன்றியும் மட்டும் எழுத்து நடையிலேயே விட்டேன், மேடைக்கு அந்த மரியாதையை எதிர்பாக்குறாங்க. ஆனா எல்லாத்தையும் பேசுற ஒலியிலேயே எழுதிடாதீங்க, தாளைப் பாத்துப் படிக்கிறவர் எழுத்துக்கூட்டுவார். பெயர்ச்சொல்லை அப்படியே விட்டு வினை முடிவை மாத்தினா பெரும்பாலும் போதும்.