சுயமரியாதைத் திருமணம் செல்லுமா?

"ஐயர் வந்து மந்திரம் சொல்லாத கல்யாணம் சட்டப்படி செல்லாது. சுயமரியாதைக் கல்யாணமெல்லாம் சும்மா மேடைக் கூத்து."

தவறு. இதில் ஒரு காலத்து உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் நம்பப்படுகிறது. புரோகிதம் ஒரே சாதியின் உரிமையாக இருந்ததையும், புரியாத மொழியில் சடங்கு நடப்பதையும் எதிர்த்துப் பெரியாரின் இயக்கம் 1920களின் இறுதியில் இத்திருமணங்களைத் தொடங்கியது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லாது என்றது. அன்றைய சட்டப்படி அந்தத் தம்பதிகளின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமையே கேள்விக்குறி!

1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் சரிதான். புரோகிதர் தேவையில்லை. முன்பு நடந்தவையும் செல்லும் என்று அதே பிரிவு சொன்னது, என் பார்வையில் அதுதான் பெரிய விஷயம்.

ஆனால் மணமக்கள் இருவரும் சட்டப்படி இந்துக்களாக இருக்க வேண்டும். மதம் வேறு என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அப்புறம், தமிழ்நாட்டில் எந்தத் திருமணமானாலும் பதிவு கட்டாயம்.