400 ஆர்டர், 646 சொந்தக்காரர்கள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக் கூட்டம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எங்கள் இணையக் கடைக்கு விளம்பரம் போகும் நாலு இடங்களின் டாஷ்போர்டும், போன வார விற்பனையோடு, திரையில் வரிசையாக ஓடும். சமூகத் தளம் 230 விற்பனை நான் கொண்டுவந்தேன் என்று சொல்லும். தேடல் விளம்பரம் 210 என்று சொல்லும். வீடியோ தளம் 60. மின்னஞ்சல் கருவி 146. மேலாளர் நாலையும் கூட்டி, 646 என்று எழுதி, கீழே ஒரு கோடு போடுவார். அப்புறம் கணக்குப் பிரிவுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடையில் வந்தது 400 ஆர்டர்தான் சார்" என்பார். உடனே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். இந்த 246 ஆர்டரையும் நான்தான் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போல!

யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் விதிப்படி அவரவர் எண்ணுகிறார்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது? ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக் காட்டினேன். எண் 10482, மதிப்பு 900. வாங்கியவர் புதன்கிழமை மதியம் சமூகத் தள விளம்பரம் ஒன்றைக் கிளிக் செய்தார், பார்த்தார், போய்விட்டார். ஞாயிறு காலை வீடியோ தளத்தில் நம் விளம்பரம் ஓட, கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் நம் மின்னஞ்சலைத் திறந்தார், எதையும் தொடவில்லை. அன்று இரவு 11.40க்கு நம் பிராண்டு பெயரையே தேடலில் அடித்து, மேலே வந்த விளம்பரத்தைக் கிளிக் செய்து வாங்கினார். கிளிக் செய்து ஏழு நாளுக்குள் வாங்கினால் என்னுடையது என்ற ஏழு நாள் கிளிக் விதிப்படி சமூகத் தளத்துக்கு ஒன்று. விளம்பரம் கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலே போதும் என்ற பார்வை விதிப்படி வீடியோ தளத்துக்கு ஒன்று. திறந்தாலே போதும் என்ற விதிப்படி மின்னஞ்சலுக்கு ஒன்று. கடைசிக் கிளிக் தேடலுக்கு ஒன்று. அந்த 900 நாலு ரூபமெடுத்து 3,600 ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். கடைக் கணக்கில் பூஜ்யம், டாஷ்போர்டுகளில் இன்னும் அதே 3,600.

தேதியும் சேர்ந்து கழுத்தை அறுக்கும். சமூகத் தளம் அந்த விற்பனையைப் புதன்கிழமை வரியில் எழுதும், ஏனென்றால் அன்றைக்குத்தான் கிளிக். தேடல் விளம்பரமும் கிளிக் நாளில்தான் எழுதும். ஆனால் எங்கள் தேடல் கணக்கின் நேர மண்டலம் வேறு என்பதால் ஞாயிறு இரவு 11.40 அங்கே திங்கள் ஆகி, அடுத்த வாரத்தில் போய் உட்காரும். வாரக் கணக்கு எப்படி ஒட்டும்?

சரி, இதையெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். என்னை உண்மையில் கொதிக்க வைத்தது வேறு. தளங்களுக்குள் போட்டி என்ற சாக்கில் எங்கள் சொந்த ஓட்டையை யாரும் பார்க்கவே இல்லை. அந்த 646இல் 204 வெறும் இரட்டை எண்ணிக்கை!

சமூகத் தளத்தை முதலில் திறந்தேன். தனக்கு வரவு வைத்த விற்பனை என்பது ஒரு எண். யாரோ வாங்கினார் என்று நம் கடையிலிருந்து அந்தத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்த மொத்த வாங்குதல் நிகழ்வுகள் என்பது வேறு எண். இரண்டாவது எண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அது கிட்டத்தட்ட கடை ஆர்டருக்குச் சமமாக இருக்க வேண்டும், ஏனென்றால் விளம்பரம் பார்க்காதவர் வாங்கினாலும் நிகழ்வு போய்ச் சேரும். எங்களுக்கு 400 ஆர்டர் வந்த வாரம் அங்கே 763 நிகழ்வு இருந்தது. வாங்குபவரின் பிரவுசரில் ஓடும் பிக்சல் என்ற சிறு நிரல் 363 அனுப்பியிருந்தது, எங்கள் சர்வரிலிருந்து 400 போயிருந்தது. இரண்டும் ஒரே ஆர்டரின் இரண்டு பிரதிகள். அந்தச் சமூகத் தளத்தை நடத்தும் மெட்டாவின் விதி தெளிவானது: `event_name`, `event_id` இரண்டும் ஒத்துப்போய், 48 மணி நேரத்துக்குள் வந்தால் ஒன்றைத் தள்ளிவிடும். நாங்கள் என்ன அனுப்பினோம் தெரியுமா?

```
browser:  event_id = "order_10482"
server:   event_id = "10482"
```

முன்னால் ஒட்டிக்கொண்ட அந்த ஒரு சொல்தான் வித்தியாசம். அதைச் சரிசெய்ய பத்து நிமிடம் ஆனது. அது இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரை மாதக்கணக்கில் அந்தத் தளத்தின் மேல் பழி. இரட்டை நீங்கியதும் 230 என்பது 124 ஆனது.

தேடல் பக்கம் இன்னொரு கூத்து. எங்கள் கடைப் பக்கத்தில் உள்ள டேக் நேராக அனுப்பும் வாங்குதல் ஒரு கன்வர்ஷன், அதாவது விற்பனையை எண்ணும் ஒரு கணக்கு. அனலிட்டிக்ஸிலிருந்து இறக்குமதி செய்த வாங்குதல் இன்னொரு கன்வர்ஷன். இரண்டுமே முதன்மை, அதாவது மொத்தத்தில் எண்ண வேண்டியவை, என்று குறிக்கப்பட்டிருந்தன. "அதான் ஆர்டர் எண்ணை `transaction_id` என்று அனுப்புகிறோமே, தானே கழிந்துவிடாதா?" என்று ஒருவர் கேட்டார். கழியாது. கூகுள் விளம்பரத்தில் அந்த எண் ஒரே கன்வர்ஷனுக்குள் வரும் இரட்டையைத்தான் கழிக்கும், இரண்டு கன்வர்ஷன்களுக்கு நடுவே எட்டிப் பார்க்காது. ஒன்றை இரண்டாம் நிலைக்கு மாற்றினேன், 210 என்பது 112க்கு இறங்கியது. (போகிற போக்கில் ஒன்று: கூகுளின் அனலிட்டிக்ஸான ஜிஏ4க்கு `transaction_id` காலியாகப் போனால் நேர்மாறான கேடு. காலி எண்ணோடு வரும் எல்லாம் ஒன்றே என்று கழித்துவிடும், விற்பனை குறைந்து தெரியும்.)

இப்போது மொத்தம் 442. மேலாளர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பார்த்தாயா, 400க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, பத்து சதவீத வித்தியாசம், விட்டுவிடலாம்" என்றார். எனக்கு மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த 400இல் எந்த விளம்பரமும் தொடாமல் தானாக வந்து வாங்கியவர்களும் இருக்கிறார்களே! இரண்டு மொத்தங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் அவை ஒத்துப்போகின்றன என்று ஆகாது. ஆர்டர் ஆர்டராக இறங்கிப் பார்த்தால்தான் எத்தனை பேர் எத்தனை ஆர்டரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆள் நம் கடைத் தளத்துக்குள் நுழையும்போது முகவரியில் ஒட்டி வரும் அடையாளங்களைப் பிடித்து வைத்து, ஆர்டர் போடும்போது அதோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். தேடலுக்கு `gclid`, ஐபோனிலிருந்து வந்தால் சில நேரம் அதற்குப் பதில் `gbraid` அல்லது `wbraid`. இதில் மெட்டா ஒட்டும் `fbclid`ஐ மட்டும் நம்பி விடாதீர்கள், நான் நம்பி ஏமாந்தேன். அது விளம்பரத்துக்கு மட்டும் ஒட்டுவதில்லை, யாராவது சாதாரணமாகப் பகிர்ந்த இணைப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். விளம்பரமா இல்லையா என்று சொல்வது விளம்பர இணைப்பில் நாமே போட்ட `utm` குறிகள்தான். இவை கையில் இருந்தால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல், ஏழு நாள் கிளிக், அவ்வளவுதான்:

```sql
SELECT n, COUNT(*) FROM (
  SELECT order_id, COUNT(DISTINCT source) AS n
  FROM touches
  WHERE clicked_at BETWEEN ordered_at - INTERVAL '7 days'
                       AND ordered_at
  GROUP BY order_id) t
GROUP BY n;
```

வந்த விடை: ஒரே மூலத்தின் தடம் மட்டும் உள்ளவை 140 ஆர்டர். இரண்டு மூலங்கள் தொட்டவை 52. மூன்று தொட்டவை 18. ஆக 210 ஆர்டரில்தான் கிளிக் தடம் இருக்கிறது, அந்த 210இன் மேல் 298 உரிமைக் கோரிக்கைகள். மீதி 190 ஆர்டரில் எந்தத் தடமும் இல்லை. இந்த 10482கூட இந்தக் கணக்கில் இரண்டே தடத்தோடுதான் நிற்கிறது, சமூகத் தளமும் தேடலும். மின்னஞ்சலைத் திறந்தார், கிளிக் செய்யவில்லை. வீடியோவைத் தள்ளிவிட்டார்.

442இல் 298 போனால் 144 கோரிக்கைகள் அந்தரத்தில் தொங்குகின்றன. வீடியோ தளம் கேட்ட 60இல் கிளிக் தடம் கிடைத்தது 14க்குத்தான், 46 வெறும் பார்வை. மின்னஞ்சலில் 54 வெறும் திறப்பு. சமூகத் தளத்தில் 36, தேடலில் 8. இவை எந்த ஆர்டர் என்று கேட்டால் தளம் சொல்லாது. பார்வைக்கு நம் பக்கம் எந்த அடையாளமும் வந்து சேராது, சில எண்கள் தளமே மாதிரியில் மதிப்பிட்டவை. அந்த 190இல் சிலவற்றை வீடியோ உண்மையிலேயே கொண்டுவந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த இடத்தில் கணக்கு நின்றுவிடும். இதற்கு மேல் யார் துல்லியமாகப் பிரித்துத் தருகிறேன் என்றாலும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அப்புறம் பணம். பிக்சல் அனுப்பும் மதிப்பு வாடிக்கையாளர் கட்டிய மொத்தத் தொகை. கணக்குப் பிரிவு பார்ப்பதோ வரி, அனுப்பும் கட்டணம், ரத்து, திருப்பியது எல்லாம் போன மிச்சம். அந்த வாரம் மொத்தம் 3,60,000. வரியும் அனுப்பும் கட்டணமும் 52,000. ரத்தானதும் திரும்பியதும் 23,000. கையில் நின்றது 2,85,000. நாலு இடத்திலும் சேர்த்து விளம்பரத்துக்குக் கொட்டியது 57,000. ஒன்றுக்கு ஐந்து. இந்த ஐந்து என்ற எண்ணில் எந்தத் தளமும் கைவைக்க முடியாது, ஏனென்றால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் நம் சொந்தக் கணக்கு. வாரா வாரம் இதைத்தான் முதல் வரியில் போட வேண்டும் என்று கெஞ்சுகிறேன்.

"அப்படியானால் எதை நிறுத்துவது?" என்று மேலாளர் கேட்டார். இந்த அட்டவணை அதைச் சொல்லாது சார், யார் யார் ஒரே ஆர்டரின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் சொல்லும் என்றேன். மூன்று பேர் தொட்ட அந்த 18 ஆர்டரில் 15இல் கடைசியாகத் தொட்டது பிராண்டு பெயர்த் தேடல். பெயரைத் தெரிந்துகொண்டு வந்தவருக்கு விளம்பரம் எதற்கு? பாதிப் பகுதிகளில் மட்டும் அதை மூன்று வாரம் நிறுத்தி, இரண்டு பாதிகளின் கடை ஆர்டரையும் ஒப்பிடுவோம் என்றேன். ஒப்புக்கொண்டிருக்கிறார், பார்க்கலாம்.

போன வாரம் அறிக்கையிலிருந்து மொத்தம் என்ற வரியையே தூக்கிவிட்டேன். இந்தத் திங்கட்கிழமை அவர் போனை எடுத்து, கால்குலேட்டரைத் திறந்து, நாலையும் கூட்டினார்.