அந்தப் பெரியவர் தோற்றுக்கொடுக்கக் கூடாது

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த முறை சுற்றுக்கு வந்தது இன்னும் அச்சாகாத ஒரு சிறுகதை. எழுதியவர் இளைஞர். பெயரைச் சொல்ல வேண்டாம், கதையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்கா. எழுபது வயதுப் பெரியவர் ஒருவரும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியும் தினமும் மாலையில் அங்கே சந்தித்துச் சதுரங்கம் ஆடுகிறார்கள். கதை அவ்வளவுதான். முக்கால் பங்கு வரை மிக நன்றாகப் போகிறது. கடைசிப் பக்கத்தில் பெரியவர் வேண்டுமென்றே தன் ராணியை வெட்டுக்குக் கொடுத்துத் தோற்கிறார். அந்தப் பெண் அதைப் புரிந்துகொண்டு கண் கலங்குகிறாள். வட்டத்தில் பலருக்கும் பிடித்த இடம் அதுதான். எனக்கு அங்கேதான் கோபம் வந்தது.

பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். போட்டிகளில் ஆடிப் பழகிய ஒரு பிள்ளையிடம் சும்மா ராணியைக் கொடுத்தால் அது என்ன என்று அந்தப் பிள்ளைக்கு அடுத்த நொடியே தெரிந்துவிடும். ஆறு வயதுக் குழந்தை அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பதினேழு வயதுப் பெண் அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வாள். இத்தனை மாதங்களாகத் தன்னைச் சமமாக உட்கார வைத்து ஆடிய மனிதர் கடைசியில் தன்னைக் குழந்தையாக்கிவிட்டார் என்றுதான் அவள் நினைப்பாள்.

கதையின் முதல் பாதியை எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. அந்தப் பெண் ஒவ்வொரு நகர்வு முடிந்ததும் வலது கையைப் பலகைக்கு வெளியே கொண்டுபோய் சிமெண்டு மேசையை மெல்லத் தட்டுகிறாள். பெரியவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிகிறது, அவள் தேடுவது கடிகாரத்தை. போட்டிகளில் காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும், அது விதி. எட்டு வயதிலிருந்து அப்படி ஆடியவளுக்குக் கடிகாரம் இல்லாத இடத்திலும் கை அங்கே போகிறது. இவ்வளவு துல்லியமான ஒரு கவனிப்பைத் தமிழ்க் கதைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அதேபோல இன்னொன்று. பெரியவர் குதிரையைக் கையில் எடுத்து விரல்களுக்கிடையே வைத்துக்கொண்டு யோசிப்பவர். எடுத்த காயைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை நகர்த்துவார். பூங்கா ஆட்டத்தில் யாரும் கேட்பதில்லை. அவள் கேட்கிறாள். "தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும், தாத்தா." அவர் சிரித்துவிட்டு அந்தக் குதிரையையே ஆடுகிறார், அந்த ஆட்டத்தில் தோற்கிறார். மறுநாளிலிருந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்குகிறார். இப்படித் தன் விதியை அவர்மேல் சுமத்தும் பெண்ணுக்கு, ராணியை இலவசமாகக் கொடுப்பதா முடிவு?

சரியான முடிவுக்கான விதை அந்தக் கதையிலேயே இருக்கிறது. நான்காம் பக்கத்தில் ஊன்றிவிட்டு எழுதியவர் அதை மறந்துபோனார். சதுரங்கம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

மழை வருமுன் நடக்கும் ஆட்டம் அது. பலகையில் மிச்சம் இரண்டு ராஜாக்கள், இரண்டு யானைகள், பெரியவரிடம் ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாய். அவர் தன் யானையை அவளது யானைக்கு எதிரே கொண்டுவந்து மாற்றத்துக்கு அழைக்கிறார். அவள் யோசிக்காமல் வெட்டுகிறாள். அவருடைய ராஜா திரும்ப வெட்டிக்கொண்டு பலகையின் நடுவே வந்து நிற்கிறது. வீட்டில் பலகை இருந்தால் வைத்துப் பாருங்கள். வெள்ளை ஆடுகிறவருக்கு இடமிருந்து வலமாகக் கட்டங்களை a முதல் h வரையும், அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கி 1 முதல் 8 வரையும் எண்ணிக்கொள்ளுங்கள்: வெள்ளை ராஜா e5, வெள்ளைச் சிப்பாய் அதற்குப் பின்னால் e4, கறுப்பு ராஜா e7. இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர், நடுவில் ஒரே ஒரு காலிக் கட்டம். இதை ஆப்போசிஷன் என்பார்கள். இந்த நிலையில் யார் நகர வேண்டியிருக்கிறதோ அவருக்குத்தான் கஷ்டம்.

அவள் முதலில் வெட்டினாள், அவர் திரும்ப வெட்டினார், ஆகவே இப்போது அவள் முறை. அவள் ராஜா ஒரு பக்கம் ஒதுங்கினால் வெள்ளை ராஜா மறுபக்கம் வழியாக முன்னேறிவிடும். d7க்குப் போனால் அவர் f6க்கு வருவார். அதன் பிறகு சிப்பாய்க்கு முன்னால் வழியைக் காவல் காக்கும் வேலையை வெள்ளை ராஜா எடுத்துக்கொள்ளும். சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நடந்து கடைசி வரிசையை எட்டி ராணியாகிவிடும். அவள் தோற்கிறாள்.

இதே காய்கள் இதே கட்டங்களில் இருந்து, முறை மட்டும் வெள்ளையுடையதாக இருந்திருந்தால் ஆட்டம் டிரா. வெள்ளை ராஜா d5க்கு ஒதுங்கினால் கறுப்பு ராஜா d7இல் எதிரே வந்து நிற்கும். சிப்பாய் e5க்கு வந்தால் கறுப்பு ராஜா e7க்குத் திரும்பும். சிப்பாய் e6க்கு வந்து இடிக்கும்போதுதான் ஆபத்து. அப்போது நேராகப் பின்னால், e8க்குத்தான் போக வேண்டும். d8க்கோ f8க்கோ சாய்ந்தால் தோல்வி. e8க்குப் போய்விட்டால் வெள்ளை ராஜா எந்தப் பக்கம் ஏறினாலும் அதற்கு நேர் எதிரே போய் நிற்கலாம். கடைசியில் வெள்ளை ராஜா e6, சிப்பாய் e7, கறுப்பு ராஜா e8. கறுப்புக்குச் செக் இல்லை, நகரவும் ஓர் இடம் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் சமன்.

அந்தப் பெண்ணுக்கு இந்தப் பாடம் தெரியாதா என்று வட்டத்தில் ஒருவர் கேட்டார். தெரியும். போட்டிகளில் ஆடி ரேட்டிங் என்ற தரப்புள்ளி வாங்கிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் யானைகள் இருக்கும்போதே, யார் முதலில் வெட்டுவது, வெட்டி முடிந்ததும் யார் முறை என்று எண்ணிப் பார்ப்பது வேறு வேலை. கைபேசியில் மூன்று நிமிட ஆட்டங்களாக ஆடித் தள்ளும் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். பெரியவர் சறுக்கமாட்டார். கதைப்படி அவர் இளவயதில் அஞ்சலட்டையில் சதுரங்கம் ஆடியவர். ஓர் அட்டைக்கு ஒரு நகர்வு, பதில் வர ஒரு வாரம், ஓர் ஆட்டம் முடிய ஒரு வருடம்கூட ஆகும். அப்படி ஆடியவருக்குக் கடைசியில் மிஞ்சும் நான்கைந்து காய்களின் கணக்கு எலும்பில் ஊறியிருக்கும்.

இதனால்தான் இந்த இருவரும் உண்மையிலேயே சமமானவர்கள் என்று சொல்கிறேன். வேகமாகப் பல கிளைகளைக் கணக்கிடுவதும், நான்காவது மணி நேரத்தில் களைக்காமல் இருப்பதும் வயதானால் குறைகின்றன. கண்ட நிலைகளின் ஞாபகம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. 2011 ஜனவரியில் ஜிப்ரால்டர் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் விக்டர் கோர்ச்னாய்க்கு 79 வயது. எதிரே உட்கார்ந்தவர் 18 வயது ஃபாபியானோ கருவானா. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் மட்டுமே எட்டும் 2700 ரேட்டிங்கை அப்போதே தாண்டியவர், 2018இல் உலகப் பட்டத்துக்கே மோதியவர். கோர்ச்னாய் வென்றார். அதே ஆண்டு 80 வயதில் சுவிட்சர்லாந்தின் தேசிய சாம்பியனாகவும் ஆனார். கருவானாவிடம் அவர் இரக்கம் எதிர்பார்க்கவும் இல்லை, காட்டவும் இல்லை. பூங்காப் பெரியவருக்கும் அந்த உரிமை வேண்டும். வென்றே தீர வேண்டும் என்ற ஆசை எழுபது வயதில் வற்றிவிடும் என்று இளம் எழுத்தாளர்கள் நினைப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பெண் ஏன் பூங்காவுக்கு வருகிறாள் என்பதைக் கதை ஒரே பத்தியில் சொல்லிவிட்டுப் போகிறது. இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். பத்தாம் வகுப்பு வந்ததும் போட்டிகளுக்கு அனுப்புவதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பிளஸ் டூ. ஓர் ஆண்டு முழுக்க ஒரு ரேட்டிங் ஆட்டமும் ஆடாவிட்டால் உலகக் கூட்டமைப்பின் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'செயலில் இல்லாதவர்' என்ற அடையாளம் விழும். அவள் பெயருக்கும் விழுந்திருக்கிறது. என்னிடம் படித்த பெண் பிள்ளைகள் பலர் இப்படித்தான் நின்றுபோனார்கள். பையன்களை வீட்டில் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கும் என்று சொல்லித் தொடர விடுவார்கள்; பெண்களிடம் போட்டிக்கு யார் துணைக்கு வருவது என்று கேட்பார்கள். பள்ளிக்கும் டியூஷனுக்கும் நடுவில் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில், ரேட்டிங்கில் ஏறாத, எந்தப் பட்டியலுக்கும் போகாத ஆட்டம் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அந்த ஆட்டத்தையும் பெரியவர் பொய்யாக ஆடினால் அவளுக்கு என்னதான் இருக்கிறது?

அவளுடைய அம்மா வரும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயதான ஆணும் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணும் தினமும் ஒரே பெஞ்சில் என்றால் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பேசத்தான் செய்வார்கள். அம்மாவுக்குப் பேச்சு எட்டுகிறது. அவர் வந்து சண்டை போடவில்லை. ஒரு மாலை முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை, பலகையை மட்டுமே பார்க்கிறார்கள் என்று கவனிக்கிறார். போகும்போது பெரியவரிடம், "ஆறு மணிக்கு அனுப்பிவிடுங்கள் ஐயா, டியூஷன் இருக்கிறது" என்கிறார். அவர் கவலை நியாயமானது, அவர் எடுத்த முடிவும் நியாயமானது. இந்தப் பகுதியில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.

கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றுங்கள் தம்பி. மறுபடியும் இரண்டு யானைகளும் ஒரு வெள்ளைச் சிப்பாயும் மிஞ்சட்டும். மணி ஆறாக இன்னும் பத்து நிமிடம். பெரியவர் மாற்றத்துக்கு அழைக்கட்டும். இந்த முறை அவள் வெட்ட வேண்டாம். கை மேசையைத் தட்டப் போகாமல் நின்று, அவள் எண்ணட்டும். அவரையே முதலில் வெட்ட வைத்துத் தன் ராஜாவால் திரும்ப வெட்டி e7இல் நிற்கட்டும். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவர் அவர். கணக்கு அவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் d8க்குச் சாய்ந்துவிடமாட்டாளா என்று ஒவ்வொரு நகர்வையும் முழு மனதோடு ஆடிப் பார்க்கட்டும். அவள் e8க்குப் போகட்டும். அதன் பிறகு அவர் எரிச்சலோடு காய்களைப் பைக்குள் போட்டால்கூட எனக்குச் சம்மதம். உண்மையாகவே வெல்ல நினைத்தவருக்குத்தான் எரிச்சல் வரும்.

இன்னும் ஒரு திருத்தம், சின்னதுதான். இரண்டாம் பக்கத்தில் பலகையைக் குறுக்காக வைத்திருக்கிறீர்கள். ஆடுகிறவரின் வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். உங்கள் கதையில் வரும் அந்தப் பெண் தப்பாக வைத்த பலகையில் ஒரு நகர்வுகூட ஆடமாட்டாள். உட்காருமுன்பே அதைத் திருப்பி வைத்துவிடுவாள்.