கிரியேட்டின் மேல் பழி போடும் முன், கூடவே உள்ளே போனதைக் கணக்கெடுங்கள்

ஜிம் போகிறவர்கள் தசைக்காக எடுக்கும் கிரியேட்டின் பவுடர் கிட்னியைக் கெடுக்குமா என்று கேட்பவர்கள் நிறைய. அதோடு வேறு என்னவெல்லாம் உள்ளே போகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. சிறுநீரகம் நல்ல நிலையில் உள்ளவர்கள் தினம் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் எடுத்து சிறுநீரகம் கெட்டது என்பதற்கு, இத்தனை ஆண்டு ஆய்வுகளில் உருப்படியான சான்று கிடைக்கவில்லை. வில்லங்கம் பெரும்பாலும் கூட்டாளிகளால் வருகிறது: சரக்கு, நீர் மாத்திரை, வலி மாத்திரை.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 34 வயது ஆண். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரே மாத்திரை சாப்பிடுகிறார். அந்த இரண்டாவது மருந்துதான் நீர் மாத்திரை. ‘பிரஷர் மாத்திரை’ என்று மட்டுமே தெரிந்து வைத்திருப்பதால் தான் நீர் மாத்திரை சாப்பிடுவதே அவருக்குத் தெரியாது. தினம் 5 கிராம் கிரியேட்டின். சனிக்கிழமை காலை கால்களுக்குக் கடும் பயிற்சி, இரவு நான்கைந்து பெக். ஞாயிறு எழுந்ததும் தலைவலி, தொடையை அசைக்க முடியவில்லை. இப்யூபுரூஃபன் 400 மி.கி. மூன்று வேளை போடுகிறார். ஏற்கெனவே குறித்திருந்த ரத்தப் பரிசோதனை திங்கள் காலை. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ஆறு மாதம் முன்பு 1.0 இருந்தது, இப்போது 1.5. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு 101-இலிருந்து 62-க்கு இறங்கியிருக்கிறது.

இங்கே இரண்டு கட்சி கிளம்பும். வீட்டார் “அந்தப் பவுடர்தான் கிட்னியைத் தின்னுடுச்சு” என்பார்கள். ஜிம் நண்பர்கள் “கிரியேட்டின் எடுத்தா கிரியேட்டினின் ஏறத்தான் செய்யும், கண்டுக்காதே” என்பார்கள். என் கணக்கில் இரண்டாவது கட்சிதான் அதிக ஆபத்தானது. பாதி உண்மை பேசுகிறது என்பதால் எடுபட்டுவிடும்.

அந்தப் பாதி உண்மை இது. தசையில் இருக்கும் கிரியேட்டினில் தினமும் சுமார் 2 சதவீதம் கிரியேட்டினினாக மாறி, ரத்தம் வழியாகச் சிறுநீரில் போகிறது. வரத்து கூடினால் ரத்தத்தில் அதன் அளவும் கொஞ்சம் கூடும். வடிகட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் தினம் 5 கிராமில் இந்த ஏற்றம் பெரும்பாலும் சிறியது. இவர் நீண்ட நாளாக அதே அளவு எடுப்பவர், ஆறு மாதம் முன்பும் எடுத்துக்கொண்டிருந்தவர் என்றால், அந்த 1.0-லேயே கிரியேட்டின் பவுடரின் பங்கு அடங்கியிருக்கிறது. புதிதாக ஏறிய 0.5-க்கு வேறு காரணம் தேட வேண்டும். பழைய அளவைப்போல ஒன்றரை மடங்கு ஒரு வாரத்துக்குள் ஏறினால் மருத்துவர்கள் அதைத் திடீர் சிறுநீரகப் பாதிப்பாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். பழைய ரிப்போர்ட் ஆறு மாதத்துக்கு முந்தையது என்றாலும், இப்படி ஒரு வார இறுதிக்குப் பிறகு வந்த எண்ணை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

காரணம் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் கொண்டுவரும் நுண்குழல் ஒன்று, வெளியே எடுத்துச் செல்லும் நுண்குழல் ஒன்று. வடிகட்டுவதற்கு நடுவில் அழுத்தம் வேண்டும். சரக்கு, சிறுநீரை அடக்கி வைக்கும் ஹார்மோனைத் தடுத்து நீரை வெளியேற்றியது. நீர் மாத்திரை உப்போடு சேர்த்து இன்னும் கொஞ்சம் வெளியேற்றியது. உடம்பில் நீர் குறையும்போது, உள்ளே வரும் குழலை விரித்துப் பிடித்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள். இப்யூபுரூஃபன் வேலை செய்வதே அவற்றின் உற்பத்தியைத் தடுத்துத்தான். ஆகவே உள்வழி சுருங்கியது. டெல்மிசார்டன் வெளிவழியைத் தளர்த்தியது. அழுத்தம் விழுந்தது. டைக்ளோஃபெனாக், நேப்ராக்சன், அசிக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். ‘வயிற்றுக்கு நல்லது’ என்று சொல்லப்படும் எட்டோரிகாக்சிபும் சிறுநீரக விஷயத்தில் விதிவிலக்கு இல்லை.

கவனியுங்கள், இந்தச் சங்கிலியில் கிரியேட்டினுக்குப் பெரிய பாத்திரம் கிடையாது. அது செய்யும் கெடுதல் வேறு: எண்ணைக் குழப்பி, உண்மையான எச்சரிக்கையை ‘அது சும்மா’ என்று தள்ளிவிட வைக்கிறது.

இவர் இப்போது செய்ய வேண்டியது, வலி மாத்திரையையும் மதுவையும் உடனே நிறுத்துவது, கிரியேட்டினையும் தற்காலிகமாக நிறுத்துவது, அதே நாளில் மருத்துவரிடம் பேசுவது. பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதா என்பது மருத்துவர் முடிவு. கிரியேட்டினின், யூரியா, பொட்டாசியம் இரண்டு மூன்று நாளில் திரும்பப் பார்க்க வேண்டும். வலி மாத்திரையும் நீர்க்குறைவும்தான் காரணம் என்றால், சீக்கிரம் பிடித்தவர்களுக்குப் பெரும்பாலும் சில நாட்களில் இறங்கத் தொடங்கும். தசையில் சேர்ந்த கிரியேட்டின் பழைய நிலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், இவ்வளவு வேகமான இறக்கத்தை அதன் கணக்கில் எழுத முடியாது. சந்தேகம் நீடித்தால், சிறுநீரகத்தின் வேலையை வேறு வழியில் அளக்கும் சிஸ்டாட்டின்-சி பரிசோதனை கேட்கலாம். அந்த எண்ணைக் கிரியேட்டின் பவுடர் குழப்பாது. சிறுநீரில் அல்புமின் புரதமும் பார்க்கச் சொல்லலாம்.

இவருடைய தொடை வலியையும் லேசாக விடக் கூடாது. சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை வீங்கி நாளுக்கு நாள் வலி கூடினால், அது சாதாரண உடம்பு வலி அல்ல. தசை உடைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும் நிலை. கடும் பயிற்சியும் மதுவும் சேர்ந்தால் அது வரலாம். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அவசர சிகிச்சைக்கே போக வேண்டும்.

நீர் மாத்திரையில் இன்னொரு கூத்து உண்டு. கிரியேட்டின் தொடங்கியதும் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். ‘தண்ணி கட்டிடுச்சு’ என்று ஃப்ரூசமைடு என்ற நீர் மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள். பாடிபில்டிங் மேடை ஏறும் முன் தசையில் வரி தெரிய வேண்டும் என்பவர்களும் அதையே செய்கிறார்கள். கிரியேட்டினோடு சேர்ந்த நீரில் பெரும்பங்கு தசைச் செல்லுக்குள் இருக்கிறது. மாத்திரை முதலில் காலி செய்வது ரத்தத்தில் ஓடும் நீரையும் உப்பையும் பொட்டாசியத்தையும். பொட்டாசியம் விழுந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். மருத்துவர் எழுதாமல் இதைத் தொடுவதை நான் எந்த வாதத்தாலும் ஏற்க மாட்டேன். ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு நீர் மாத்திரை எதிர்ப்பக்கம் இழுக்கும்: பொட்டாசியத்தைத் தேக்கும். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

நீர் மாத்திரையை முறைப்படி சாப்பிடுபவர்கள் கிரியேட்டின் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லி, ஒரு அடிப்படை ரிப்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கண்டுபிடிப்பது கஷ்டம். தினம் 20 கிராம் ஏற்றும் ‘லோடிங்’ வேண்டாம். 3 கிராமில் தொடங்கினாலும் ஒரு மாதத்தில் தசை அதே நிறைவுக்கு வந்துவிடும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் கடும் பயிற்சியையும் தவிருங்கள்.

குடித்த நாளும் மறுநாளும் கிரியேட்டினை விட்டுவிடலாம். தசை நிறைந்திருப்பதால் இரண்டு நாளில் ஒன்றும் குறைந்துவிடாது. அந்த நாட்களில் உண்மையில் விலக்க வேண்டியது வலி மாத்திரை: சிறுநீரகத்துக்கு மேல், மதுவோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம். ஒரே இடத்தில் வலி என்றால் டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கேட்டுப் பாருங்கள், ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பாராசிட்டமால் சிறுநீரகத்துக்கு இதைவிடச் சாது; ஆனால் தொடர்ந்து அதிகம் குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தாங்காது, அவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். இதயத்துக்காக மருத்துவர் எழுதிய 75 மி.கி. ஆஸ்பிரினை இந்தப் பதிவைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு.